வீங்கியது முட்டி, புண் தொப்புளில்

பிறந்து பத்து நாள் ஆன கன்றுக்கு முன்னங்கால் முட்டி வீங்கினால் வீட்டில் உள்ள எல்லோரும் முட்டியையே பார்க்கிறார்கள். தாய் மாடு மிதித்துவிட்டது என்பார் ஒருவர். கயிற்றில் கால் சிக்கிச் சுளுக்கிக்கொண்டது என்பார் இன்னொருவர். நல்லெண்ணெய் காய்ச்சித் தடவுவார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போடுவார்கள். சில ஊர்களில் இன்றும் இரும்பைக் காய்ச்சிச் சூடு வைக்கிறார்கள். கன்றின் வயிற்றுக்கடியில் கை விட்டுத் தொப்புளைத் தொட்டுப் பார்ப்பவர் மட்டும் அங்கே யாரும் இருப்பதில்லை.

நான் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வட ஆற்காடு என்று ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரிந்த மூன்றிலும் என் காலடி பட்டிருக்கிறது. இந்த மூட்டு வீக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வோர் ஐப்பசியிலும் வரும். வடகிழக்குப் பருவமழை இறங்கி, கொட்டகைத் தரை சேறாகி, அதன் நடுவில் மாடு கன்று போடும் காலம் அது. மழை தொடங்கிய சில வாரங்களில் நொண்டும் கன்றுகளும் குட்டிகளும் மருந்தகத்துக்கு வரத் தொடங்கிவிடும்.

அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்தில் நான் கூட இருந்து பார்த்த ஒரு கன்றைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஜெர்சி கலப்பினப் பசு, இரண்டாவது ஈற்று. நல்ல மழை இரவில் கடேரிக் கன்று பிறந்தது. எடை சுமார் 22 கிலோ இருக்கும். பிறந்த உடனே எழுந்து நின்று மடியைத் தேடியிருக்கிறது. ஆனால் வீட்டுப் பாட்டி பால் குடிக்க விடவில்லை. நஞ்சுக்கொடி விழும் முன் மடியில் கை வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். நஞ்சுக்கொடி விடிந்த பிறகுதான் விழுந்தது. கன்று முதல் வாய் சீம்பாலைக் குடித்தபோது அது பிறந்து ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. தொப்புள் கொடி தானாக அறுந்து ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. அதன் மேல் அடுப்புச் சாம்பலையும் மஞ்சளையும் குழைத்து அப்பினார்கள். கன்றைச் சாணமும் மூத்திரமும் ஊறிய மண் தரையில் கட்டினார்கள்.

ஐந்தாம் நாள் தொப்புள் காயவில்லை, நசநசத்துக் கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் கன்று பால் குடித்துக்கொண்டுதான் இருந்தது. ஏழாம் நாள் குடிப்பது குறைந்தது, படுத்தே கிடந்தது. எட்டாம் நாள் இடது முன்னங்கால் முட்டி வீங்கியது. ஒன்பதாம் நாள் வலது பின்னங்கால் முட்டியும் சேர்ந்துகொண்டது. அன்றுதான் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

"தாய் மிதித்துவிட்டது தம்பி, எலும்பு விட்டிருக்குமா பாருங்கள்" என்றார் பாட்டி.

"ஒரே மிதியில் முன்கால் ஒன்றும் பின்கால் ஒன்றும் வீங்குமா அம்மா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை.

முட்டியைத் தொட்டால் சுட்டது. விரலால் அழுத்தியதும் கன்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. ஆசனவாயில் வெப்பமானி வைத்தால் 104 டிகிரிக்கு மேல் காட்டியது. கன்றுக்கு 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இயல்பு. 103-ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். கன்றைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, வயிறு தளர்ந்திருக்கும் நேரம் பார்த்துத் தொப்புளைத் தடவினேன். வெளியே கட்டை விரல் பருமனுக்கு ஒரு தடிப்பு. பிதுக்கினால் துர்நாற்றத்தோடு சீழ் கசிந்தது. தொப்புளுக்கு உள்ளே, முன்பக்கமாக ஈரலை நோக்கி ஒரு கயிறு ஓடுவது விரலில் தட்டுப்பட்டது. ஒரு வாரக் கன்றுக்கு அங்கே அப்படி எதுவும் தட்டுப்படக் கூடாது.

அந்தக் கயிறு என்னவென்று தெரிந்தால் மற்றது எல்லாம் புரிந்துவிடும். தாயின் வயிற்றில் இருக்கும் வரை கன்றுக்கு உணவும் பிராணவாயுவும் தொப்புள் கொடி வழியாகத்தான் வருகின்றன. அந்தக் கொடிக்குள் கன்றின் உடம்பிலிருந்து வெளியே போகும் தமனிகள் இரண்டு. உள்ளே வரும் சிரை உடம்புக்குள் நுழைந்ததும் ஒரே குழாயாகி நேராக ஈரலுக்குப் போகிறது. கன்றின் மூத்திரப்பையிலிருந்து வரும் ஒரு குழாயும் கூட உண்டு. பிறக்கும்போது கொடி இழுபட்டு அறுகிறது. அறுந்ததும் தமனிகள் சுருங்கிச் சட்டென்று வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கின்றன. மூத்திரக் குழாயும் அப்படியே. சிரை அவ்வளவு வேகமாக ஒளிந்துகொள்வதில்லை. கொடியின் உறையோடு சேர்ந்து வாய் திறந்தபடி சில மணி நேரம் கிடக்கிறது. அந்த வாய் மூத்திரம் ஊறிய தரையில் புரண்டால் கிருமி அதன் வழியே ஏறுகிறது. அந்தக் குழாயின் மறுமுனை ஈரல்; ஈரலைத் தாண்டினால் இதயம்; அங்கிருந்து உடம்பெங்கும்.

ரத்தத்தில் சுற்றும் கிருமி ஏன் மூட்டைத் தேடிப் போகிறது என்று பலர் கேட்பார்கள். மூட்டின் உள்சவ்வில் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன; அங்கே ரத்தம் மெதுவாக ஓடுகிறது. கிருமி அங்கே தங்கிவிடுகிறது. அதை எதிர்க்க வெள்ளை அணுக்கள் திரள்கின்றன. அவை விடும் நொதிகள் கிருமியைக் கரைப்பதோடு நிற்பதில்லை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பையும் அரிக்கின்றன. குருத்தெலும்பு போனால் போனதுதான். சில நாள் தாமதம் ஒரு காலையே கொண்டுபோய்விடும் என்பது இதனால்தான். மூட்டு மட்டுமல்ல, கண்ணுக்குள்ளும் மூளைச் சவ்விலும் கூட இதே கிருமி தங்கும். நொண்டும் கன்றின் கண் பால் கலந்தது மாதிரி மங்கியிருந்தால் நிலைமை மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அன்று மதியமே மருத்துவர் வந்தார். முட்டியின் மயிரைச் சிரைத்து, சோப்பாலும் அயோடினாலும் நன்றாகக் கழுவி, மூட்டுக்குள் ஊசி செலுத்தினார். நல்ல மூட்டு நீர் தெளிவாக, இளமஞ்சளாக, விரலில் தொட்டு இழுத்தால் நூல் விடும். இதில் வந்தது கலங்கலாக, தண்ணீராக, மஞ்சள் செதில்கள் மிதக்க வந்தது. ஒரு பக்கம் தடித்த ஊசி, மறுபக்கம் இன்னொன்று. ஒன்றில் கிருமி நீக்கிய உப்பு நீரைச் செலுத்தினால் மற்றதில் வழிகிறது. வழிவது தெளியும் வரை ஓட்டினார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் ஒரு முறை கழுவினார். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி மூன்று வாரம் தொடர்ந்தது. வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்ஸிகாம் போட்டார். வலி குறைந்ததும் கன்று எழுந்து நின்று குடித்தது. வலி மருந்தைச் செலவு என்று தள்ளுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: வலியில் படுத்துக் கிடக்கும் கன்று குடிப்பதில்லை, குடிக்காத கன்று எந்த மருந்துக்கும் தேறுவதில்லை.

மூன்று வாரம் எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது, கன்று துள்ளவும் தொடங்கியிருந்தது. பெரும்பாலான வீடுகளில் அத்தோடு ஊசியை நிறுத்திவிடுவார்கள். மூட்டுக்குள் இருக்கும் அந்த மஞ்சள் செதில்களுக்கு உள்ளே மருந்து எளிதில் போய்ச் சேராது. அங்கே ஒளிந்திருக்கும் கிருமி, ஊசி நின்ற பிறகு மறுபடி தலையெடுக்கும். இரண்டாவது முறை வந்த வீக்கம் சொன்னபடி கேட்பதில்லை. எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது கன்றின் எடையையும் எந்தக் கிருமி என்ற கணிப்பையும் பொறுத்தது. மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. நீங்கள் பிடிவாதம் பிடிக்க வேண்டியது நாள் கணக்கில் மட்டும்தான்.

அந்தக் கடேரி பிழைத்தது. பின்னங்கால் முழுவதும் சரியானது. முன்னங்கால் முட்டி மட்டும் தடித்தே நின்றுவிட்டது; மடக்கி உட்காரும்போது முழுவதுமாக மடங்குவதில்லை. அதே பருவத்தில் பிறந்த கன்றுகளைவிட அது சிறுத்தே வளர்ந்தது. ஒன்பதாம் நாளுக்குப் பதில் ஐந்தாம் நாளே, தொப்புள் நசநசத்தபோதே பார்த்திருந்தால், முட்டி வரை போயிருக்காது என்பது என் கணிப்பு.

இனி தடுப்பதைப் பற்றி. கன்று பிறந்ததும் கொடியை அயோடினில் முக்க வேண்டும் என்று எல்லாத் துண்டறிக்கையிலும் எழுதியிருக்கிறது. எந்த அயோடின், எப்படி முக்குவது என்பதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

வேலூர் மருந்துக் கடையில் அயோடின் என்று கேட்டால் பெரும்பாலும் போவிடோன் அயோடினைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது தண்ணீரில் கரைந்தது. புட்டியில் பத்து சதம் என்று போட்டிருந்தாலும், வேலை செய்யக் கிடைக்கும் அயோடின் அதில் ஏறக்குறைய ஒரு சதம்தான். டிங்சர் அயோடின் என்பது வேறு. அது சாராயத்தில் கரைந்தது. தொப்புள் கொடிக்கு நமக்கு இரண்டு வேலை ஆக வேண்டும்: கிருமி சாக வேண்டும், கொடி சீக்கிரம் காய வேண்டும். சாராயம் ஈரத்தை உறிஞ்சும். அதனால் டிங்சர் இரண்டு வேலையையும் செய்கிறது. என்னைக் கேட்டால் இரண்டாவது வேலைதான் பெரியது. காய்ந்து போன கொடியில் கிருமிக்கு வழியும் இல்லை, இரையும் இல்லை. வெளிநாட்டுக் கையேடுகளில் ஏழு சதம் டிங்சர் என்று படித்துவிட்டுச் சிலர் அதைத் தேடி அலைகிறார்கள். நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது இரண்டு சதம். அதையே வைத்து, காயும் வரை காலையும் மாலையும் முக்கினால் போதும். பத்து சதம் அடர் டிங்சர் வேண்டாம். வயிற்றுத் தோல் வெந்துவிடும். போவிடோன்தான் கையில் இருக்கிறது என்றால் தண்ணீர் கலக்காமல் அதையே பயன்படுத்துங்கள், சும்மா இருப்பதைவிட எவ்வளவோ மேல். பால் கறந்த பின் காம்பு முக்க விற்கும் மருந்தை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அது மிகவும் நீர்த்தது. காம்புத் தோல் வெடிக்காமல் இருக்க அதில் மென்மையாக்கும் பொருளும் சேர்த்திருப்பார்கள். நமக்குக் கொடி காய வேண்டும், மென்மையாக வேண்டியதில்லை.

முக்குவது என்றால் முக்குவதுதான். பஞ்சில் நனைத்துத் தொட்டு எடுப்பதும், விசிறிக் குழாயால் ஒரு பக்கமாகப் பீச்சுவதும் முக்குவது ஆகாது. இருமல் மருந்தோடு வரும் சின்ன பிளாஸ்டிக் குவளை இதற்கு நன்றாகப் பொருந்தும். அதில் பாதி டிங்சர் ஊற்றி, கொடி முழுவதும் உள்ளே போகும்படி கீழிருந்து மேலே கொண்டுபோய், குவளையின் வாய் வயிற்றுத் தோலில் ஒட்டும் வரை அழுத்த வேண்டும். கொடி உடம்போடு சேரும் அடிப்பகுதி நனைவதுதான் முக்கியம். அங்கேதான் வாசல் இருக்கிறது. நுனியை மட்டும் நனைத்துவிட்டு அடியை விட்டால் செய்த வேலை வீண். அப்படியே அரை நிமிடம் பிடித்திருங்கள். எடுத்ததும் குவளையில் மிஞ்சியதைக் கீழே ஊற்றிவிடுங்கள். சிக்கனம் என்று புட்டியில் திருப்பி ஊற்றினால் சாணமும் ரத்தமும் கலந்து புட்டி முழுவதும் பாழாகும். அயோடின் அழுக்கைக் கண்டால் அழுக்கோடு சேர்ந்து தன் வலுவை இழக்கும் பொருள். புட்டியை வெயிலில் வைக்காமல் மூடி இறுக்கி வைக்க வேண்டும். அடர்ந்த பழுப்பு நிறம் வெளுத்துப் போயிருந்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிது வாங்குங்கள்.

முதல் முக்கு பிறந்த அரை மணி நேரத்துக்குள், அதாவது கன்று தரையில் புரண்டு கொடியை அழுக்காக்கும் முன். தாய் நக்கிச் சுத்தம் செய்யட்டும், அதைத் தடுக்க வேண்டாம். நக்கி முடித்ததும் முக்கலாம். அடுத்தது பன்னிரண்டு மணி நேரத்துக்குள். பிறகு காயும் வரை. மூன்றாம் நாள் கொடி காய்ந்த முருங்கைக்காய்க் காம்பு போலக் கறுத்துச் சுருங்கியிருக்க வேண்டும். அது ஒன்றிரண்டு வாரத்தில் தானாக விழும், இழுக்கக் கூடாது. மூன்றாம் நாளும் ஈரமாக இருந்தாலோ, தொட்டால் கன்று வயிற்றைச் சுருக்கினாலோ, ஈ மொய்த்தாலோ மருத்துவரைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

கொடியை வெட்டவும் கட்டவும் வேண்டுமா என்று எப்போதும் கேட்பார்கள். தானாக அறுந்த கொடியை அப்படியே விடுவதுதான் நல்லது. இழுபட்டு அறும்போதுதான் ரத்தக் குழாய்கள் ஒழுங்காகச் சுருங்கி உள்ளே போகின்றன. ரத்தம் நிற்காமல் ஒழுகினாலோ, கொடி தரையில் இழுபடும் அளவுக்கு நீளமாக இருந்தாலோ, கொதிக்க வைத்த நூலை டிங்சரில் நனைத்து மூன்று விரல் தள்ளிக் கட்டி, அதற்குக் கீழே புது பிளேடால் வெட்டி, உடனே முக்க வேண்டும். அரிவாளால் அறுக்கும் வீடுகளும் இருக்கின்றன. அந்த அரிவாள் காலையில் எதை அறுத்தது என்று நான் கேட்பதில்லை. கேட்டால் சண்டை வரும்.

சாம்பலும் மஞ்சளும் அப்பும் வழக்கத்தைப் பற்றி என் கருத்து இதுதான். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் எந்தச் சாம்பல், அது எங்கே கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. குழைத்து அப்பும்போது கொடியைச் சுற்றி ஓடு கட்டுகிறது; அந்த ஓட்டுக்கு அடியில் ஈரம் அப்படியே நிற்கிறது, மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி தெரிகிறது. அணைக்கட்டுக் கன்றுக்கு நடந்தது அதுதான்.

டிங்சரை ஒழுங்காக முக்கியும் கன்றுக்கு மூட்டு வீங்கியது என்று வருபவர்களும் உண்டு. அவர்களிடம் நான் சீம்பால் எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்பேன். மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே எதிர்ப்புப் பொருள் கொஞ்சம் வந்து சேர்கிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் நஞ்சுக்கொடியின் அமைப்பு வேறு. அது வழியாக எதிர்ப்புப் பொருள் கடக்காது. கன்று வெறும் கையோடு பிறக்கிறது. எல்லாம் சீம்பாலில்தான் வர வேண்டும். அதை அப்படியே ரத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் உண்டு. மணிக்கு மணி அது குறைந்து, ஒரு நாள் முடிவதற்குள் அடைத்துவிடும். எடையில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 22 கிலோக் கன்றுக்கு இரண்டே கால் லிட்டர். அதுவும் முதல் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள். நஞ்சு விழட்டும் என்று ஏழு மணி நேரம் காத்திருந்த வீட்டில் கதவு பாதி சாத்தியாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், கன்று மடியை முட்டிக் குடிக்கும்போதுதான் கருப்பை சுருங்கும் சுரப்பு தாயின் உடம்பில் ஊறி நஞ்சும் சீக்கிரம் விழுகிறது. நஞ்சுக்காகப் பாலை நிறுத்துவது தலைகீழான ஏற்பாடு.

பாட்டியிடம் இதைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்கள் காலத்தில் எத்தனை கன்று வளர்த்தோம் தம்பி" என்றார். மருமகள் எதுவும் பேசவில்லை. அடுத்த ஈற்றில் கன்றை உடனே குடிக்க விட்டவர் அவர்தான். சீம்பாலைக் கட்டியாக வேக வைத்து வெல்லம் போட்டுத் தெருவுக்கே கொடுக்கும் வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அது பிடிக்கும். கன்று வயிறு முட்டக் குடித்த பிறகு மிஞ்சுவதில் செய்யுங்கள் என்பதுதான் என் நிபந்தனை.

செம்மறியில் இதே நோய் கொஞ்சம் வேறு முகத்தோடு வருகிறது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் மந்தை வைத்திருப்பவர்கள், குட்டிகள் இரண்டு மூன்று வாரத்தில் ஒன்றன் பின் ஒன்றாக நொண்டத் தொடங்கும்போதுதான் வருவார்கள். குட்டியின் தொப்புளைப் பார்த்தால் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். அதனால் இது தொப்புளிலிருந்து வந்திருக்காது என்று முடிவு கட்டிவிட முடியாது. சின்ன உடம்பில் கிருமி அடையாளம் வைக்காமலே கடந்து போய்விடும். குட்டி முன்னங்காலை மடித்து முட்டியால் ஊர்ந்து தாயைத் தேடும். தாய் மந்தையோடு மேய்ச்சலுக்குப் போய்விட்டால் நொண்டும் குட்டிக்குப் பால் இல்லை. பாதிக் குட்டிகள் நோயால் சாவதில்லை, பட்டினியால் சாகின்றன.

மேய்ச்சலுக்குப் போகும் நேரத்தில் குட்டிகளைக் கவிழ்த்த மூங்கில் கூடைக்குள் அடைத்து வைப்பார்கள். நரியும் நாயும் தொடாமல் இருக்க நல்ல வழிதான். ஆனால் கூடை தினமும் ஒரே இடத்தில் இருக்கும். அடியில் மண் மூத்திரத்தில் ஊறிப் புளித்திருக்கும். முந்தைய குட்டி விட்ட கிருமி அடுத்த குட்டிக்குக் காத்திருக்கும். மூட்டைத் தாக்கும் கிருமிகளில் சில ஈரப் படுக்கையில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு மந்தைக்காரரிடம் கூடையைத் தினமும் இரண்டடி நகர்த்தச் சொன்னேன். பழைய இடத்தில் சுண்ணாம்புத் தூள் தூவி வெயிலில் விடச் சொன்னேன். மருந்துச் செலவு எதுவும் இல்லை. குட்டிக்கும் அதே டிங்சர்தான், சின்ன மூடியில். கொடியின் நீளம் அரை விரல் இருந்தால் போதும். இரண்டரைக் கிலோக் குட்டிக்கு முதல் வாய் சீம்பால் ஏறத்தாழ 125 மில்லி, முதல் நாள் முழுவதும் அரை லிட்டர்.

காதில் அடையாள வில்லை போட்ட துளையிலும், விதை நீக்கும்போது ஏற்படும் காயத்திலும் இதே கிருமி நுழையும். மழைக்காலத்தில், கூடைக்குட்டிப் பருவத்தில் அந்த வேலைகளை வைத்துக்கொண்டால் எவ்வளவு டிங்சர் முக்கியும் பயன் இருக்காது. தொப்புளை அடைத்துவிட்டு வேறு வாசலைத் திறந்து வைத்த கதையாகிவிடும்.

ஈயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரத் தொப்புளில் ஈ முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு நெளியும். நம் பக்கத்துச் சதை தின்னும் புழு உயிருள்ள தசையையே குடைந்து போகும். டர்பன்டைன் ஊற்றிப் புழுவைக் கொல்லும் வழக்கம் இருக்கிறது. புழு சாகும், ஆனால் வெந்த புண்ணில் செத்த புழுக்கள் உள்ளேயே தங்கினால் அதுவே அடுத்த சீழுக்கு இடமாகிறது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். தொப்புளைச் சுற்றியுள்ள தோலில் வேப்பெண்ணெய் தடவுவது ஈயை விரட்டும். ஈரக் கொடியின் மேலேயே தடவாதீர்கள், எண்ணெய் காயவிடாது.

தொப்புளில் வீக்கம் இருந்தால் எல்லாமே சீழ் என்று நினைத்துக் கத்தி வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை பார்த்தது போதும். தொப்புள் வளையம் மூடாமல் குடல் இறங்கி வருவதும் வீக்கமாகத்தான் தெரியும். அதைச் சீழ் என்று கீறினால் குடல் வெளியே வரும். கன்றைப் படுக்க வைத்து வீக்கத்தை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். குடலிறக்கம் என்றால் சூடு இருக்காது, வலி இருக்காது, உள்ளே வழுக்கிப் போய்விடும், போன இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை விரலில் தட்டுப்படும். சீழ்க்கட்டி சுடும், வலிக்கும், உள்ளே போகாது. இரண்டும் சேர்ந்திருக்கும் கன்றும் உண்டு. அதனால் எதுவாக இருந்தாலும் கத்தி மருத்துவர் கையில்தான் இருக்க வேண்டும். வண்டி வசதி இல்லாத ஊர்களுக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம்.

எல்லா முட்டி வீக்கமும் இந்த நோய் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிமெண்டுத் தரையில் எழுந்து உட்கார்ந்தே முட்டியின் முன்பக்கத் தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ளும் கன்றுகள் உண்டு. மெத்தென்று இருக்கும், சூடு இருக்காது, கன்று நொண்டாது. பிறக்கும்போதே தசைநார் இழுத்து முட்டி மடங்கியிருக்கும் கன்றுகளும் உண்டு. அவற்றிலும் காய்ச்சல் இருக்காது. வெந்நீர்ச் சூடு, காய்ச்சல், ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு உட்பட்ட வயது: இவை சேர்ந்து வந்தால் தொப்புளுக்குக் கையைக் கொண்டுபோங்கள். ஒரே ஒரு மூட்டுதான் வீங்கியிருக்கிறது என்பதற்காக மட்டும் அடிபட்டது என்று விட்டுவிடவும் வேண்டாம். இந்த நோயும் சில நேரம் ஒன்றில்தான் தொடங்கும்.

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் சின்னக் கன்றோடு பசு வாங்கப் போகும் சிலர் என்னைத் துணைக்கு அழைப்பார்கள். தரகர் பசுவின் மடியையும் பல்லையும் காட்டிக்கொண்டிருப்பார். நான் கன்றிடம் போய்விடுவேன். கயிற்றைத் தளர்த்திப் பத்தடி நடக்க விட்டு, இரண்டு முன்னங்கால் முட்டிகளையும் இரண்டு கைகளால் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்ப்பேன்; ஒன்று மற்றதைவிடத் தடித்திருந்தால் கை உடனே சொல்லிவிடும். பிறகு தொப்புள். ஒரு தடவை அப்படித் தொட்டபோது தரகர் சிரித்தார். "பசு வாங்க வந்தீர்களா, கன்று வாங்க வந்தீர்களா அண்ணா?" என்றார். தொப்புளுக்கு உள்ளே பின்பக்கமாக, மூத்திரப்பையை நோக்கி ஒரு கயிறு தட்டுப்பட்டது. வாங்க வந்தவரிடம் விலையைக் குறைத்துக் கேட்கச் சொல்லவில்லை. வேறு பசு பார்க்கச் சொன்னேன். கன்று செத்தால் பால் சுரக்க விடாத பசுக்கள் நம் பக்கத்தில் நிறைய.